சட்டையும் சேர்ந்து திரும்பணும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரைக்கும் ஒரு தடவை பஸ்ஸில் போனால் போதும், ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டராவது கண்ணில் பட்டுவிடும். எங்கேயோ கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி, வேறு யாருடைய வெள்ளைச் சட்டையிலோ ஒட்டியிருப்பார்கள். முகம் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்த்தவுடனே 'இது ஒட்டினது' என்று தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று எனக்கு ரொம்ப நாளாகக் குடைச்சல். பி.காம் படிக்கிறவனுக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஆட்களை வரைவது எனக்கு ஸ்கூல் காலத்துப் பழக்கம்.

விஷயம் காலரில் இருக்கிறது. முகம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், சட்டையோ நேராக நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். நிஜத்திலும் மனிதர்கள் அப்படித் தலையை மட்டும் திருப்புவது உண்டுதானே என்பீர்கள். உண்டு. அப்போது கழுத்துதான் முறுகும், காலர் தோளோடு உட்கார்ந்தபடி கிடக்கும். ஒட்டின படத்தில் அந்தக் கழுத்து முறுக்கு இருக்காது. முகம், கழுத்து ரெண்டும் ஒரு பக்கம் பார்க்க, காலரும் பட்டன் வரிசையும் இன்னொரு பக்கம் பார்க்கும். காலர் முகத்தைச் சேர்ந்தது இல்லை, உடம்பைச் சேர்ந்தது. வரைகிறவர்களும் இதை மறந்துவிட்டுக் காலரை மூக்கு பார்க்கும் திசைக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று, காலர் தட்டையான வளையம் இல்லை. பிடரிப் பக்கம் உயரமாகவும் தொண்டைக்குழிப் பக்கம் தாழ்வாகவும் சாய்ந்த வளையம். நேராகப் பார்க்கும்போது இந்தச் சாய்வு அவ்வளவாகத் தெரியாது. ஒருவரை முழுப் பக்கவாட்டில் பாருங்கள், காலர் பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்குவது பளிச்சென்று தெரியும். அதைப் படுக்கைக் கோடாகப் போட்டால் கழுத்தில் வளையல் மாட்டின மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் பார்க்க நம்ம ஊரில் நல்ல இடம் பீச் - தாம்பரம் மின்சார ரயில். 1931-லிருந்து ஓடுகிற லைன், எத்தனை லட்சம் சட்டைகளைப் பார்த்திருக்குமோ! கதவோரம் கம்பியைப் பிடித்து வெளியே பார்த்துக்கொண்டு நிற்பவர் நமக்கு முழுப் பக்கவாட்டில் கிடைப்பார். எதிர் சீட்டில் குறுக்காக உட்கார்ந்திருப்பவர் முக்கால் திருப்பத்தில் கிடைப்பார். குரோம்பேட்டையில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிறவர் என்றால் நிதானமாகப் பார்க்கலாம், ரொம்ப முறைத்துப் பார்க்காமல் இருந்தால் சரி :-)

கதவோரத்து ஆளை எடுத்துக்கொள்வோம். அவரிடம் பட்டன் வரிசை சட்டைக்கு நடுவில் இல்லை. அது விளிம்புக்கே போய்விட்டது. நெஞ்சு, தொப்பை என்று நாம் வரைகிற வெளிக்கோடே பட்டன் வரிசைதான், பட்டன்கள் அதில் சின்னச் சின்ன மேடுகளாகத் தெரியும், அவ்வளவே. நேரில் பார்க்கும்போது ஓரத்தில் இருந்த கைத் தையல், அதாவது கையை உடம்போடு சேர்க்கிற தையல், இப்போது உடம்பின் நடுவுக்கு வந்து முட்டை வடிவமாகத் திறந்துகொள்ளும். தோள் தையல் நம்மை நோக்கி வருவதால் சுருங்கிப்போய், காலரடியிலிருந்து அந்த முட்டையின் உச்சிக்கு இறங்குகிற குட்டிக் கோடாகிவிடும். சாதாரணச் சட்டைகளில் அந்தத் தையல் தோளின் உச்சியில் இருக்காது, கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். அதனால் பக்கவாட்டுப் படத்தில் அதை உச்சியிலிருந்து நெஞ்சுப் பக்கமாகச் சற்றுத் தள்ளித்தான் போட வேண்டும்.

முக்கால் திருப்பம்தான் கஷ்டம். பட்டன் வரிசை எவ்வளவு நகரும்? நெஞ்சை மேலிருந்து பார்த்தால் முட்டை வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அகலம் 12 அங்குலம், ஆழம் 9 அங்குலம். ஆள் 45 டிகிரி திரும்பினால் நமக்குத் தெரியும் அகலம் சுமார் பத்தரை அங்குலம். பட்டன் வரிசைக்கு அந்தப் பக்கம் தெரிவது இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் மேல், இந்தப் பக்கம் கிட்டத்தட்ட எட்டரை. ஐந்தில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம். பலர் மூன்றில் ஒரு பங்கு விட்டுவிடுவார்கள், ஆள் திரும்பாத மாதிரியே இருக்கும். கட்டம் போட்ட சட்டைக்காரர் கிடைத்தால் அதிர்ஷ்டம். செங்குத்துக் கோடுகள் அந்தப் பக்க விளிம்பை நெருங்க நெருங்க நெரிசலாவதை அப்படியே பார்க்கலாம்.

பட்டன் வரிசை நேர்கோடாகவும் இருக்காது. முழுப் பக்கவாட்டில் தெரிகிற தொப்பை வளைவு நேர்ப்பார்வையில் மறைந்துவிடும். 45 டிகிரியில் அந்த வளைவில் சுமார் 70 சதவீதம் பட்டன் வரிசையில் தெரியும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் சட்டைக்குள்ளே பலகைதான் இருக்கும்.

போன வருஷம் சேலையூரில் இருக்கும் ஒரு நண்பனின் அப்பா இறந்துபோனார். வீட்டில் இருந்த ஒரே நல்ல படம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நேராக விறைத்துக்கொண்டு. "அவர் இப்படி எங்கேப்பா உட்கார்ந்தார்? சாயங்காலம் வாசல்ல உட்கார்ந்து தெருவப் பார்ப்பாரே, அந்த மாதிரி வரைஞ்சு குடு" என்றார் அம்மா. முகத்துக்கு நண்பனின் சித்தப்பா ஜாடை உதவியது. சட்டைக்கு? பீரோவிலிருந்து அவருடைய சட்டையையே எடுத்து, நண்பனுக்குப் போட்டுவிட்டு வாசலில் உட்கார வைத்தோம். அவனுக்குத் தோளில் கொஞ்சம் தொங்கியது. கைத் தையல் தோள் முனையைத் தாண்டி இறங்கியிருந்ததை மட்டும் படத்தில் மேலே ஏற்றிக்கொண்டேன்.

எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அவர் பாக்கெட்டில் எப்போதும் பேனா இருக்கும். ஆம்பளைச் சட்டையில் பாக்கெட் இடப் பக்கம். அவரை அவருடைய இடப் பக்கமாகத் திருப்பினால் பாக்கெட் அந்த இரண்டு அங்குலத்துக்குள் நசுங்கிவிடும், பேனா போச்சு. அதனால் வலப் பக்கமாகத் திருப்பினேன். இடது பக்கத் துணிதான் மேலே வரும் என்பதால் காஜா பட்டியின் திறந்த விளிம்பு அந்தப் பக்கம் பார்க்கும். நமக்குத் தெரிவது பட்டியின் இந்தப் பக்கத் தையல் கோடும், வட்டமாக இல்லாமல் ஒடுங்கித் தெரியும் பட்டன்களும்தான். அந்தப் பக்கத் தோளில் கைத் தையல் கிட்டத்தட்ட மறைந்தேபோனது, விளிம்பில் ஒரு சின்ன மடிப்பு மட்டும்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "பேனா சரி. ஆனா மேல் பட்டன அவர் வீட்ல போடவே மாட்டாரே" என்றார். போட்டோவில் பட்டன் போட்டிருந்தது, நானும் அப்படியே வரைந்திருந்தேன். பட்டன் திறந்தால் காலர் வளையமே முன்னால் பிரிந்துவிடும். இந்தப் பக்க இதழ் மார்பில் விரிந்து படுக்கும், அந்தப் பக்க இதழ் நிமிர்ந்து தாடையின் நிழலுக்குள் போகும், நடுவில் தொண்டைக்குழி தெரியும். நண்பனை மறுபடியும் அதே சட்டையோடு வாசலில் உட்கார வைத்து, அந்தக் காலரை மட்டும் இரண்டு சாயங்காலம் வரைந்தேன்.