கன்று வீசுதல்

எங்கள் கோலார் தங்கவயல் வீட்டில் பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசியபோது, கண்ணேறு என்றார் பெரியம்மா. ‘வீசுதல்’ என்னும் வினைக்குப் பசுவே எழுவாய். புருசெல்லா கிருமிக்கு அத்தொடரில் இடமில்லை. நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் அக்கிருமி மிகுதியாக இருக்கும். கைக்கீறல் வழியாகவும் கண் வழியாகவும் உடலுள் புகும். கொடியை வெறுங்கையால் அகற்றிய பெரியம்மாவுக்கு மூன்று வாரத்தில் மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் மூட்டுவலியும் தொடங்கின. டைபாய்டு என்றே முதலில் கருதினர். மாட்டின் செய்தியை மருத்துவரிடம் சொன்ன பிறகே உரிய இரத்தப் பரிசோதனை நடந்தது. இரு மருந்துகள், ஆறு வாரம்.

ஆடு ஈனும்போதும் இப்போது முழங்கை வரை கையுறை, முகக்கவசம், கண்ணாடி அணிகிறோம். கொடியை நாய் தோண்டாதபடி சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கிறோம். கருவுற்றிருக்கும் அண்ணி தொழுவத்துக்கு வருவதில்லை. கிடேரிக் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் ஒருமுறை தடுப்பூசி போடவேண்டும். எங்கள் கிடேரிக்கு இது ஐந்தாம் மாதம்.