மார்க் போடுவதற்கு முன்

டெண்டர் என்றாலே நம் ஆட்களுக்கு விலைதான் ஞாபகத்துக்கு வரும். யார் குறைத்துப் போட்டான், யாருக்குக் கிடைத்தது என்று பேசுவார்கள். ஆனால் இரண்டு கவர் டெண்டரில் விலைக் கவர் பிரிக்கப்படுவதற்கு முன்பே பாதிக் கதை முடிந்திருக்கும். முதல் கவரில் தொழில்நுட்ப விவரம் இருக்கும். அதற்கு மார்க் போட்டு, குறிப்பிட்ட மார்க் வாங்கியவர்களின் விலைக் கவரை மட்டும்தான் திறப்போம். மற்றவர்களுடையது பிரிக்காமலே திரும்பிப் போகும். ஆகவே அந்த மார்க்கை எதற்கு, எப்படிப் போடுவது என்று எழுதுகிற இரண்டு பக்கம்தான் டெண்டரின் உயிர். குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அந்த இரண்டு பக்கத்தை எழுதும் வேலை சில முறை என்னிடம் வந்தது. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, பெயர்ப் பட்டியல் தயாரித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். அதுதான் வேலை. புதுச்சேரிக்காரர்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைக்காமல் பென்ஷனுக்கும் குடியுரிமைக்கும் அலைந்த குடும்பங்கள் எத்தனை! பட்டியலில் பெயரோ தேதியோ தப்பாக ஏறிவிட்டால், பதிவேடு அலமாரியில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

மாதிரிக்கு என்று வேறொரு இலாகாவின் பழைய டெண்டரைக் கொடுத்தார்கள். அதில் ஆண்டு வியாபாரத் தொகைக்கு 30, முன் அனுபவத்துக்கு 30, மொத்த ஊழியர் எண்ணிக்கைக்கு 20, வேலை செய்யும் முறைக்கு 20. தேற 70. முறைக்கான 20 மார்க்குக்கு எதிரே 'குழுவின் மதிப்பீட்டின்படி' என்று ஒரே வரி.

அதை வைத்துக்கொண்டு இரண்டு கற்பனை ஆசாமிகளை உருவாக்கினேன். முதல் ஆள் பெரிய கம்பெனி. பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. வியாபாரத்துக்கு 30, அனுபவத்துக்கு 30, ஊழியருக்கு 20. வேலை முறைக்குப் பூஜ்யமே போட்டாலும் 80 வாங்கித் தேறிவிடுகிறார். இரண்டாமவர் சிறிய நிறுவனம். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைத் தடுமாறாமல் படிக்கும் நாலு பேர் உண்டு. அவருக்கு 5, 10, 5, கடைசியில் முழுசாக 20. மொத்தம் 40. வெளியே! ஒருவர்கூட விண்ணப்பம் போடுவதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிட்டது. எந்த டெண்டர் வரைவையும் இப்படிக் கற்பனை ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்தால் அதன் சாய்வு தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த 'குழுவின் மதிப்பீடு' எப்படிப் போகிறது என்று பார்க்க, ஒரே விண்ணப்ப மாதிரியை இரண்டு சகாக்களிடம் தனித்தனியே கொடுத்தேன். ஒருவர் 20-க்கு 9 போட்டார், மற்றவர் 17. இருவரும் நேர்மையானவர்கள்தான். 'நன்று' என்பது ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று. தேற 70 என்று கோடு போட்டிருக்கும்போது அந்த 8 மார்க் ஒருவரின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

ஆகவே புதிதாக எழுதினோம். வியாபாரத் தொகையை மார்க்கிலிருந்தே எடுத்து, குறைந்தபட்சத் தகுதியாக வைத்தோம். அது இருக்கிறதா இல்லையா என்பதோடு சரி. கூடுதலாக இருந்தால் கூடுதல் மார்க் கிடையாது. அனுபவத்துக்கு 20: பழைய கட்டுப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து முடித்த வேலை ஒன்றுக்கு 8, இரண்டுக்கு 14, மூன்றும் மேலும் இருந்தால் 20. பிரெஞ்சு படித்த ஆட்களுக்கு 20: ஆளுக்கு 5, சான்றிதழோடு. ஸ்கேன் முறைக்கு 20: நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் உண்டு என்றால் 5, இல்லை என்றால் பூஜ்யம். கட்டு உடையாமல் பதிவேட்டை விரித்து வைக்கத் தொட்டில் இருக்கிறதா, அங்குலத்துக்கு 300 புள்ளியில் எடுப்பார்களா என்பது மாதிரிக் கேள்விகள். பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பதற்கு மார்க் இல்லை. அது கட்டாய நிபந்தனை.

மீதி 40 மார்க்தான் முக்கியம். எல்லோருக்கும் ஒரே மாதிரி 40 பதிவுகளின் நகல், ஒவ்வொன்றிலும் 5 விவரம்: பெயர், தகப்பன், தாய், தேதி, ஊர். ஆக 200 விவரம். ஒரு பிழைக்கு ஒரு மார்க் குறையும். இந்தப் பகுதியில் மட்டும் 28-க்குக் கீழே போனால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தேற முடியாது. மொத்தத்தில் 70 என்ற கோடும் அப்படியே இருந்தது.

எது பிழை என்பதையும் டெண்டரிலேயே எழுத வேண்டியிருந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இது என் பொறுப்பாயிற்று. எழுத்தின் தலையில் வரும் அக்சான் குறி விட்டுப்போனால் பிழை இல்லை; தேடும்போது அது தடையாகாது. ஆனால் முத்து, ராமசாமி போன்ற பெயர்களைப் பதிவேட்டில் உள்ள பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்படியே எழுத வேண்டும். இங்கிலீஷ் வழக்கப்படி மாற்றினால் பிழை. பழைய எழுத்தர்கள் செப்டம்பரைச் சுருக்கி, ஏழு என்ற எண்ணோடு மாதப் பெயரின் கடைசி எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். லத்தீனில் ஏழு 'செப்டெம்' அல்லவா, அதனால். அக்டோபருக்கு எட்டு, நவம்பருக்கு ஒன்பது. தெரியாதவன் அதை ஜூலை, ஆகஸ்ட் என்று ஏற்றிவிடுவான். அந்த மாதிரித் தேதிகள் நாலைந்தை வேண்டுமென்றே நகலில் சேர்த்தோம்.

விடைத்தாளை இரண்டு பேர் தனித்தனியே தயாரித்து, ஒப்பிட்டு, முன்கூட்டியே சீல் வைத்தோம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் யாரோ செய்து தருவார்கள் என்பதால், விண்ணப்பத்தில் பெயர் கொடுத்த ஆட்களே ஒரே நாளில், ஒரே அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். தாளில் கம்பெனிப் பெயர் கிடையாது, எண் மட்டும்.

மறுபடி கற்பனை ஆட்களை ஓட்டினேன். பெரிய கம்பெனி: 20, 0, 15, 20, மொத்தம் 55, மாதிரிப் பதிவிலும் தேறவில்லை. சிறிய நிறுவனம்: 8, 20, 36, 15, மொத்தம் 79. இதோடு நிறுத்தினால் சிறியவருக்குச் சாய்த்து எழுதியதாகிவிடும். அதனால் மூன்றாவதாக, பிரெஞ்சு தெரிந்த மூன்று பேரை வேலைக்கு வைத்துக்கொண்ட பெரிய கம்பெனி ஒன்றையும் ஓட்டினேன். 20, 15, 34, 20. 89 வாங்கித் தேறியது. கதவு யாருக்கும் அடைபடவில்லை என்று அப்போதுதான் திருப்தி. 'இந்த ஊரிலேயே வேலை செய்த அனுபவம் வேண்டும்' என்று ஒருவர் சேர்க்கச் சொன்னதை இதே காரணத்துக்காகத்தான் விட்டோம். அதைப் புதிதாக வருகிற யாராலும் சம்பாதிக்க முடியாது.

விண்ணப்பத்துக்கு முந்தைய கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் எழுதி, எல்லோருக்கும் அனுப்பினோம். மாற்றம் ஏதாவது செய்வதானால் அதற்குள் செய்துவிட வேண்டும். முதல் கவர் பிரிந்தபின் ஒரு மார்க்கைக்கூட நகர்த்தக்கூடாது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பரீட்சைக்கு நல்ல ஆளை உட்கார வைத்துவிட்டு வேலைக்கு வேறு ஆளை அனுப்பலாம். அதை மார்க்கால் தடுக்க முடியாது. ஒப்பந்தத்தில்தான் தடுக்க வேண்டும். ஆள் மாறினால் புது ஆளும் அதே மாதிரித் தேர்வு எழுத வேண்டும், ஒவ்வொரு தவணைப் பட்டியலிலும் சிலவற்றைப் பொறுக்கிச் சரிபார்த்த பிறகே பணம் என்று எழுதினோம்.

தேறாத கம்பெனி ஒன்று, பாரபட்சம் என்று மேலிடத்துக்கு எழுதியது. விளக்கம் கேட்டுக் கோப்பு வந்தது. நீண்ட நோட்டு எதுவும் எழுத அவசியம் ஏற்படவில்லை. அவர்களுடைய ஆட்கள் தம் கையாலேயே எழுதிய தாளையும், சீல் வைத்திருந்த விடைத்தாளையும், பிழைகளுக்கு வரிசை எண் போட்ட பட்டியலையும் இணைத்து அனுப்பினோம். யார் எண்ணினாலும் அதே எண்ணிக்கைதான் வரும். கோப்பு இரண்டாவது கேள்வி இல்லாமல் திரும்பி வந்தது.