எல்லாம் சிவப்பு, இல்லையேல் எல்லாம் வெள்ளை

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ். அங்கே கணக்கு எழுதும் பெண்ணுக்கு மாதக் கடைசி என்றாலே டீசல் பில்தான். எக்செல்லில் A பக்கம், ஆபீஸ் டிரிப் பட்டியலில் இருக்கும் வண்டி எண்கள். B பக்கம், பங்க்காரர் அனுப்பிய கடன் பில்லில் இருக்கும் எண்கள், மொத்தம் 62 வரி. அந்த மாதம் டிரிப்பே போகாத வண்டிக்கு யாராவது டீசல் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் இருக்கும் எண் சிவப்பானால், சிவப்பு ஆகாததை மட்டும் விசாரித்தால் போதும்.

இரண்டு பட்டியலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, Conditional Formatting-ல் Duplicate Values-ஐ அழுத்தினார். கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பு. நிம்மதியாக பில்லை பாஸ் பண்ணியிருக்கலாம். ஆனால் அந்த விதி A-யையும் B-யையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. தேர்ந்தெடுத்ததை ஒரே குவியலாகத்தான் பார்க்கும். ஒரு வண்டி மாதத்தில் இரண்டு தடவை டீசல் போட்டிருந்தால் B-க்குள்ளேயே அது இரட்டை ஆகிவிடும். A-யில் அந்த எண் இருக்கிறதா என்ற கேள்வியே அங்கு எழாது. லாரி ஆபீஸில் ஒரே எண் திரும்பத் திரும்ப வராமல் வேறென்ன வரும்?

அதனால் அந்த விதியை அழித்துவிட்டு, B2 முதல் B63 வரை தேர்ந்தெடுத்து ஃபார்முலா எழுதினார்.

```
=COUNTIF($A$2:$A$80,$B$2)>0
```

இப்போது ஒன்றுகூட சிவப்பாகவில்லை. பின்னால் நின்று பார்த்த முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "என்னம்மா இது, ஒண்ணுமே சேரலயே? டிரைவருங்க பேட்டாவ நிறுத்தி வைய்யி. விசாரிச்சுட்டுக் குடுக்கலாம்." கணினி சொன்னால் யார் மறுப்பது?

அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கட்டத்தில் `=LEN(A2)` போட்டுப் பார்த்தார், 10 வந்தது. `=LEN(B2)` போட்டால் 13. ஆபீஸில் TN28 என்று சேர்த்து அடிப்பார்கள்; பங்க்கில் TN 28 என்று இடைவெளி விட்டு அடித்திருந்தார்கள். கண்ணுக்கு ஒரே வண்டிதான், எக்செல்லுக்கு வேறு வேறு. சோதனைக்காக B2-வில் மட்டும் இடைவெளிகளை எடுத்தார். அடுத்த நொடி 62 வரியும் சிவப்பு! மற்ற வரிகளில் இடைவெளி அப்படியே இருக்கும்போது அவை எப்படிச் சேரும்?

சேலத்தில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டார்.

"அக்கா, ஃபார்முலா எழுதறப்ப B2-வ டைப் பண்ணுனியா, மவுஸ்ல தொட்டியா?"

"தொட்டேன்டா."

"அதான். அந்த இடத்துல மவுஸ்ல தொட்டா அதுவே டாலர் போட்டுக்கும்."

டாலர் குறி என்பது ஆணி மாதிரி. `$B$2` என்று அடித்துவிட்டால், 62 வரியும் தன் எண்ணைப் பார்க்காது; முதல் வரியின் எண்ணை மட்டுமே பார்க்கும். அது A-யில் இருந்தால் எல்லோருக்கும் சிவப்பு, இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. ஒரு கட்டத்தைத் திருத்தினால் முழுப் பட்டியலும் நிறம் மாறுகிறது என்றால், கோளாறு இதுதான் என்று கண்டுகொள்ளலாம்.

```
=COUNTIF($A$2:$A$80,B2)>0
```

B2-வின் ஆணியைத்தான் பிடுங்க வேண்டும், A-யின் ஆணியை அல்ல. அதையும் பிடுங்கினால், வரி இறங்க இறங்கத் தேடும் பட்டியலும் கீழே நழுவும். மேலே உள்ள எண்கள் விட்டுப்போகும். தேர்வு B2-வில் தொடங்குவதும் முக்கியம். தலைப்பு எழுத்தைத் தொட்டு B முழுவதையும் தேர்ந்தெடுத்தால் தொடக்கம் B1 ஆகிவிடும், ஒவ்வொரு வரியும் தனக்குக் கீழே உள்ள எண்ணுக்கு நிறம் காட்டும்.

டாலரை எடுத்ததும் திருத்திய வரி மட்டும் சிவப்பாக நின்றது. பிறகு B-யைத் தேர்ந்தெடுத்து, Ctrl+H-ல் இடைவெளிக்குப் பதில் ஒன்றுமில்லை என்று கொடுத்தார். (சில பில்களில் இதற்கும் மசியாத ஒரு இடைவெளி வரும். கட்டத்திலிருந்து அதையே காப்பி செய்து தேடும் இடத்தில் ஒட்டினால் போய்விடும்.) 58 வரி சிவப்பாயிற்று, நான்கு வெள்ளை.

இரண்டில் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்து விழுந்திருந்தது. மற்ற இரண்டும் ஒரே வண்டி. பாடி கட்ட விட்டு, மாதம் முழுக்க பட்டறையில் நின்ற வண்டி! முதலில் Duplicate Values போட்டபோது, இரண்டு தடவை வந்ததாலேயே அதுவும் சிவப்பாகத் தப்பித்திருந்தது.

முதலாளி பங்க்குக்கு போன் போட்டார். வேறொரு ஆபீஸ் வண்டிக்குப் போட்ட டீசலை இவர்கள் கணக்கில் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு வரியையும் கழித்து மறு பில் வந்தது. டிரைவர்களின் பேட்டா அன்று சாயங்காலமே கை மாறியது.