இழைக்கொரு கோப்பு, முனைக்கொரு கோப்பு

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை செம்பனைத் தோட்டங்களில் முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பம்பில், குழாயைப் பிடித்து நிறுத்தும் சிறு கவ்வி உடைந்தால், அதை வீட்டிலேயே முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. வெயிலில் கிடக்கும் பொருளாதலால், ஏறக்குறைய 60 டிகிரியில் இளகிவிடும் பி.எல்.ஏ. இழையை விடுத்து, பி.இ.டி.ஜி. இழையைத் தேர்வதே இவ்வேலைக்குப் பொருந்தும்.

வடிவத்தை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் ஸ்லைசர் எனப்படுகிறது. குரா, ஆர்க்காஸ்லைசர், புரூசாஸ்லைசர் ஆகிய மூன்றும் இலவசமே. 2011இல் தொடங்கிய ஸ்லிக்கரிலிருந்து கிளைத்த புரூசாஸ்லைசர், அச்சு, இழை, பொறி என்னும் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு வைப்பதால், எந்த அமைப்பு எதற்குரியது என்பதைப் புதியவர் தெளிவாக உணர்கிறார். அடுக்கின் தடிப்பு அச்சுக்கோப்பிலும், வெப்பம் இழைக்கோப்பிலும், முனையின் விட்டம் பொறிக்கோப்பிலும் அமைகின்றன.

கவ்வியை விரைவாக முடிக்க 0.4 மி.மீ. முனையைக் கழற்றி 0.6 முனையை மாட்டுவதாகக் கொள்வோம். 0.2 மி.மீ. தடிப்பும் 0.45 அகலமும் உடைய கோடு, நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 4 கன மி.மீ. பிளாஸ்டிக்கை உருக்கச் சொல்கிறது, 0.3 தடிப்பும் 0.65 அகலமும் ஆனால் அதே வேகத்தில் அது 9ஐ நெருங்குகிறது. இழைக்கோப்பில் உச்ச உருகல் அளவு 8 என்றிருந்தால், ஸ்லைசர் தானே வேகத்தைச் சுமார் 45க்குக் குறைத்துவிடும். அவ்வரம்பு இல்லையேல் இழையைத் தள்ளும் பல்சக்கரம் வழுக்கி டிக் டிக்கென ஒலிக்க, சுவரில் இடைவெளிகள் விழும். ஆகவே இழையும் முனையுமான இவ்விணைக்கென, வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்திச் சோதித்து, `PETG 0.6` என்ற பெயரில் தனி இழைக்கோப்பு சேமிப்பதே முறை. Expert நிலையில், அக்கோப்பின் Dependencies பக்கத்தில் இவ்வரியை இட்டால், 0.4 முனைக்குரிய பொறிக்கோப்பைத் தேர்ந்திருக்கையில் அதைத் தவறுதலாகப் பயன்படுத்தும் வாய்ப்பு குறையும்:

```
nozzle_diameter[0]==0.6
```

எனினும் மென்பொருள், மாட்டப்பட்ட முனையைப் பார்ப்பதில்லை, பொறியில் 0.4 இருக்க, கோப்பு 0.6 என்றால் மீண்டும் அதே டிக் ஒலிதான்.

கடலோரத்து ஈரக்காற்றில் திறந்து கிடந்த சுருளோ வேறு வகைத் தொல்லை. முனையில் சடசடப்பும், கவ்வியில் சிலந்திநூல் போன்ற இழைகளும் தோன்றும். அப்போது வெப்பத்தைக் குறைத்து அதே கோப்பில் சேமிப்பவர், சுருள் உலர்ந்தபின் அடுக்குகள் ஒட்டாமல் பிளக்கும் கவ்வியையே பெறுவார் என்பதால், சுமார் 65 டிகிரியில் சில மணிநேரம் உலர்த்திய பிறகே கோப்பைத் திருத்துவது நல்லது.