சுமை ஏற்றும் முன் கேட்க வேண்டியவை

புதுக்கோட்டை மாவட்டத்தின் வட எல்லையில், திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையை ஒட்டி அமைந்துள்ள மாத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையின் இரும்புக் கட்டமைப்புப் பட்டறைகளுள் பல, திருவெறும்பூரில் 1965இல் இயங்கத் தொடங்கிய பெல் கொதிகலன் ஆலையை நம்பி வளர்ந்தவை. இப்பட்டறைகள் வெட்டி, பற்றவைத்து, வண்ணம் பூசி முடிக்கும் தூண்களும் விட்டங்களும் எல்லா வேளையிலும் திருவெறும்பூருக்கே திரும்புவதில்லை. உடன்குடி போன்ற அனல்மின் நிலையங்கள் கட்டப்படும் இடங்களுக்கு அவை பட்டறையிலிருந்து நேராகவே அனுப்பப்படுவதும் உண்டு. அப்போது கொள்முதல் ஆணையை எழுதியவர் ஓரிடத்திலும் பொருளை இறக்கிக்கொள்பவர் வேறோரிடத்திலும் இருப்பதால், ஆணையில் அச்சிடப்பட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்குரியவர், லாரி போய் நிற்கும் வாசலைக் கண்ணால் காணாதவராக இருக்கக்கூடும். ஒப்படைப்பை முன்கூட்டி உறுதிப்படுத்தும் வழக்கத்தின் தேவை இந்த இடைவெளியிலிருந்தே எழுகிறது.

பட்டறைகளில் பெரும்பாலும் லாரி புறப்பட்ட பின்னரே தளத்திற்குத் தகவல் போகிறது. வண்டி எண்ணும் ஓட்டுநரின் கைப்பேசி எண்ணும் அப்போதுதான் தெரியவருவதால் இது இயல்பாகத் தோன்றினாலும், உண்மையில் முறை தலைகீழானது. ஏனெனில் தளத்திலிருந்து வரும் பதில்கள் வண்டியை எப்போது கிளப்புவது என்பதை மட்டுமன்றி, சுமையை எப்படி ஏற்றுவது என்பதையே தீர்மானிக்கின்றன.

இறக்கும் கருவியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். 12 மீட்டர் நீளமும் 10 டன் எடையும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட தூண் ஒன்று டிரெய்லரில் போவதாகக் கொள்வோம். “கிரேன் இருக்கிறதா?” என்று கேட்டால், “ஹைட்ரா இருக்கிறது, 14 டன்” என்ற பதில் வரும். சுமையைத் தூக்கியபடியே நகரக்கூடிய இவ்வகை கிரேனில் 14 டன் என்பது, சுமை கிரேனின் முகப்பை மிக அண்மித்துத் தொங்கும்போது மட்டுமே பொருந்தும் எண். கை நீள நீள, அதாவது சுமைக்கும் கிரேனுக்கும் இடையிலான கிடைத்தொலைவு கூடக் கூட, தூக்கும் திறன் வேகமாகச் சரிந்து, சில மீட்டரிலேயே பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். ஆகவே கேட்க வேண்டியது கிரேனின் பெயரெண் அன்று. எந்தத் தொலைவில், எந்தக் கொக்கி உயரத்தில் எத்தனை டன் தூக்கும் என்று காட்டும் சுமை அட்டவணையே.

கொக்கி உயரம் ஏன் தேவை என்பதையும் இதே தூணைக் கொண்டு கணக்கிடலாம். தூக்கும் காதுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று 6 மீட்டர் இடைவெளியில் பற்றவைக்கப்பட்டிருந்தால், 6 மீட்டர் நீளமுள்ள இரு ஸ்லிங்குகள் சமபக்க முக்கோணமாக நின்று, கிடைமட்டத்திலிருந்து 60 பாகை கோணம் தரும். அந்நிலையில் ஒவ்வொரு ஸ்லிங்கும் ஏறத்தாழ 5.8 டன் இழுவிசையைத் தாங்குகிறது. ஆனால் கொக்கி தூணின் மேற்பரப்பிலிருந்து 5.2 மீட்டர் மேலே நிற்க வேண்டும். அதனுடன் ஒன்றரை மீட்டர் டிரெய்லர் தளமும், தூணின் ஒரு மீட்டர் உயரமும், கட்டையிலிருந்து விடுபடத் தூக்கும் அரை மீட்டரும் சேர, தரையிலிருந்து எட்டு மீட்டருக்கு மேல் கொக்கி எழும்ப வேண்டியதாகிறது. அவ்வளவு எழும்பாத கிரேன் வந்துவிட்டால் தளத்தில் உடனே கைக்கு வருவது குட்டையான ஸ்லிங். மூன்றரை மீட்டர் ஸ்லிங்கைப் போட்டால் கோணம் 31 பாகையாகப் படுத்து, அதே தூணுக்கு ஒவ்வொரு ஸ்லிங்கிலும் 9.7 டன் இழுவிசை ஏறுகிறது. தூணின் எடை மாறவில்லை, மாறியது கோணம் மட்டுமே என்பதால், பார்வைக்கு எல்லாம் சரியாகத் தோன்றும் நேரத்திலேயே ஸ்லிங் அறுவதற்கும் காது பிய்வதற்கும் வழி பிறக்கிறது. இதைப் பட்டறையிலேயே அறிந்திருந்தால், காதுகளை நெருக்கி வைக்க வரைபடத்தில் ஒப்புதல் பெறலாம். அல்லது வேறு கிரேன் வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். இரண்டுமே லாரி போன பின் இயலாதவை.

கருவி எந்தப் பக்கம் நின்று இறக்கும் என்பதும் ஏற்றும் வரிசையைத் தொடுகிறது. முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். ஒரு பக்கத்திலிருந்தே கிரேன் அணுக முடியுமானால், கனமான உருப்படி அந்தப் பக்கமாக இருக்க வேண்டும், ஆயினும் வண்டியின் சமநிலை குலையக் கூடாது. தளம் கடற்கரை மணலில் இருந்தால், தரை இறுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியையும் இங்கேயே சேர்த்துவிடுவது நல்லது.

வாசல் நேரத்தைக் கேட்கும்போது, தளம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைவிட, லாரி எத்தனை மணிவரை உள்ளே அனுமதிக்கப்படும் என்பதே முதன்மையானது. ஒரு தளத்தில் காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் இடையே மட்டும் அனுமதி என்றும், கிரேன் மதியம் இரண்டுக்குப் பிறகே கிடைக்கும் என்றும் கொண்டால், காலை எட்டு மணிக்கே போய் நிற்பதால் பயனில்லை. மதியம் ஒன்றரைக்கு எடை மேடையைத் தாண்டியிருந்தால் போதும். மாத்தூரிலிருந்து உடன்குடிப் பகுதி முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற விதிப்படி, சரக்குடன் செல்லும் மின்வழிச் சீட்டான இ-வே பில் இத்தொலைவுக்கு இரண்டு நாள் செல்லும். சனிக்கிழமை மாலை எடுத்த சீட்டு திங்கள் நள்ளிரவு வரை உயிரோடிருக்கும். ஞாயிறு வாசல் மூடல் என்பது தெரியாமல் அனுப்பினால் ஒரு நாள் வீணாகி, திங்களும் கிரேன் தவறினால், ஹால்டிங் என்று லாரிக்காரர்கள் கேட்கும் காத்திருப்புக் கட்டணத்தோடு, சீட்டு முடிவதற்கு முன்போ பின்போ எட்டு மணி நேரத்துக்குள் அதை நீட்டிக்கும் வேலையும் தலையில் விழும்.

தொடர்புக்குரியவர் யார் என்பதில் ஓர் எண்ணோடு நிறைவடைவது பிழை. நுழைவுச் சீட்டுக்குப் பரிந்துரைப்பவர், கிரேனை ஒதுக்குபவர், பொருளைப் பெற்றுக் கையெழுத்திடுபவர் ஆகிய மூவரும் பெரிய தளங்களில் வெவ்வேறு ஆட்களாக, சிலபோது வெவ்வேறு நிறுவனத்தாராகவும் இருப்பர். கிரேன் நிறுவல் ஒப்பந்தக்காரரிடமும், கையெழுத்து பண்டகசாலையிடமும் இருக்கும். “வரட்டும் சார், பார்த்துக்கலாம்” என்று தொலைபேசியில் சொன்னவர் மறுநாள் விடுப்பில் இருந்தால் அச்சொல்லுக்கு வாசலில் மதிப்பில்லை. எனவே பெயர், பொறுப்பு, மாற்று ஆள் ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி, பதிலும் எழுத்தில் பெற வேண்டும். பதில் வராத கடிதம் உறுதிப்பாடாகாது.

பாதுகாப்புத் தேவைகளில் தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, ஒளிரும் மேலங்கி ஆகியன எங்கும் கேட்கப்படுபவை. ஓட்டுநருக்கு மட்டும் வாங்கி, கிளீனரை மறந்து, அவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுவதே மிகுதியாக நேரும் தவறு. உரிமம், தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் காலாவதித் தேதிகளை லாரி பட்டறைக்குள் நுழையும்போதே பார்த்துவிட வேண்டும். தூக்கும் கருவிகளைத் தகுதியுள்ள ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வகுத்த நெறி. பட்டறை தன் சொந்த ஸ்லிங்கையும் ஷேக்கிளையும் லாரியோடு அனுப்பினால், அவற்றின் சான்றும் உடன் போகாதவரை தளத்தின் பாதுகாப்பு அலுவலர் அவற்றைத் தொடவிட மாட்டார், அது முறையும்கூட.

இவ்வளவையும் கேட்டுப் பெற்ற பின், அந்தக் கடிதப் போக்குவரத்து அலுவலகக் கணினியிலேயே தங்கிவிடக் கூடாது. எந்த வாசல், எத்தனை மணி, யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் யாரை அழைப்பது, கட்டுக் கம்பியை எப்போது அவிழ்ப்பது என்பவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, விலைச்சீட்டோடும் லாரி ரசீதோடும் ஓட்டுநர் கையில் கொடுக்கும் பட்டறைகள், அந்தத் தாளின் அடியில் ஒரு வரியை மறவாமல் சேர்க்கின்றன: கிரேன் கொக்கி மாட்டி, ஸ்லிங் இறுகும் வரை எந்தக் கட்டையும் சங்கிலியும் அகற்றப்படலாகாது.