போன் வைத்ததும் எழுத வேண்டிய மெயில்

ஒரு வாழைக் கன்டெய்னரை வைத்து மூண்ட சண்டை. வீரபாண்டிப் பக்கத்துப் பேக்கிங் ஷெட் ஒன்றிலிருந்து ஜி-9 காய், 13 கிலோ பெட்டிகளாக, 40 அடி ரீபரில் 1,540 பெட்டி, தூத்துக்குடி வழியாகத் துபாய் போனது. அங்கே கதவைத் திறந்தபோது 96 பெட்டிகளில் காய் மஞ்சள் கண்டிருந்தது. ‘முற்றின காயைக் கட்டி அனுப்பிவிட்டீர்கள்’ என்று வாங்கியவர்கள் மெயில் போட்டார்கள். ‘பச்சையாகத்தான் ஏற்றினோம், உங்கள் குளிரறையைப் பாருங்கள்’ என்று இங்கிருந்து பதில் போனது. அடுத்த மெயிலில் முழு லோடுக்கும் விலைக் குறைப்பு கேட்டார்கள். அதற்கடுத்ததில் சிசி-யில் இரண்டு பக்கத்து முதலாளிகளும் கப்பல் ஏஜெண்டும் ஏறிவிட்டார்கள்.

* * *

எப்போது மெயிலை நிறுத்துவது? நான் பார்ப்பது ஒன்றைத்தான். கடைசி இரண்டு மெயில்களில் புதிதாக ஒரு போட்டோ, ஒரு அளவு, ஒரு தேதி வந்திருக்கிறதா? இல்லையென்றால் இனி வரும் மெயில்களிலும் வராது. சிசி-யில் முதலாளி இருக்கும்போது எந்த மேனேஜரும் ஒரு படி இறங்கி எழுத மாட்டார். எழுதினால் அவருடைய கம்பெனிக்குள்ளேயே அவர் தோற்றவர் ஆகிவிடுவார். அவர் எழுதுவது நமக்கில்லை, அந்த சிசி வரிசைக்கு. இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் கோபம் போய்விடும்.

2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்ளி முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வாக்கியம் கிண்டலா, நிஜமா என்பதை மறுமுனையில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். மெயிலில் அனுப்பினாலும் குரலில் சொன்னாலும் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் 73 சதவீதம் சரியாக வந்தது. மெயிலில் 56 தான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். நாம் சாதாரணமாக எழுதியது அவர்களுக்கு ஏன் குத்தலாகத் தெரிகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

* * *

மெயிலை நிறுத்திவிட்டுப் போனில் பேசலாம் என்றதற்கு எங்கள் முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. “எழுத்துல இருக்கணும்ப்பா. வாயில பேசுனா காத்தோட போயிரும், நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லம்பான்.” அவர் பயம் நியாயமானதுதான். போனோடு நிறுத்தினால் அதுதான் நடக்கும். அதனால் போனுக்கு நேரம் கேட்கும் மெயிலிலேயே, பேசி முடித்ததும் ஒத்துக்கொண்டவற்றை எழுதி அனுப்புகிறோம் என்றும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அந்த மெயில் மூன்று வரிதான். நம் நேரம் மாலை 5.30, அவர்கள் நேரம் 4 மணி. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: லாகர் கிராப், கதவு திறந்தபோது எடுத்த போட்டோ, பழத்தின் உள் வெப்பம் எடுத்த சீட்டு. பழைய மெயில் எதற்கும் அதில் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் அதுவே சண்டையின் அடுத்த மெயிலாகிவிடும்.

* * *

பேச்சு. துபாய்த் தரப்பு மேனேஜர் மலையாளி. குமுளி தாண்டினால் கேட்கிற அதே பேச்சு. மெயில் ஆங்கிலத்தில் இடித்த ஆள், போனில் தமிழும் மலையாளமும் கலந்து பேசியதும் வேறு ஆளாகத் தெரிந்தார். யார் தப்பு என்று நாங்கள் தொடங்கவில்லை. “கதவைத் திறந்ததும் என்ன பார்த்தீங்க, வரிசையாச் சொல்லுங்க சார்” என்று கேட்டுவிட்டு முழுக்கச் சொல்ல விட்டோம். மஞ்சள் கண்ட பெட்டிகள் எல்லாமே கதவை ஒட்டிய கடைசி வரிசைகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அத்தனை மெயிலிலும் இது ஒரு வரிகூட இல்லை.

லோடு மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “அண்ணே, கடைசி வரிசை லேட்டாத்தான் ஏறுச்சு. கௌமாரியம்மன் திருவிழா, ஆளே இல்ல” என்றார். சித்திரை வெயிலில் வெட்டிய காய் உள்ளே சூட்டோடுதான் இருக்கும். ரீபர் ஏற்கெனவே இருக்கும் குளிரை 13.5 டிகிரியில் காத்து நிற்குமே தவிர, சூடான காயை வேகமாகக் குளிர வைக்காது. முன்குளிரூட்டாமல் ஏறிய பெட்டி வழியிலேயே பழுக்கத் தொடங்கிவிடும். அந்தப் பக்கமும் ஒன்று சொன்னார்கள்: கதவைத் திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் பழத்தில் தெர்மாமீட்டர் குத்தினார்களாம். அப்படியானால் அந்தச் சீட்டில் உள்ள வெப்பம் வழியில் ஏறியதா, திறந்தபின் ஏறியதா என்று பிரிக்க முடியாது. லாகரோ கன்டெய்னரின் நடுவில் இருந்தது. அதன் கோடு நேராக 13.5-இல் ஓடியது, கதவுப் பக்கம் நடந்ததைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆக எண்ணிக்கையில் ஒத்துப்போனோம், காரணத்தில் ஒத்துப்போகவில்லை. காரணம் தெரியாமலே பணத்தை முடிக்கலாம் என்பதிலும் ஒத்துப்போனோம்.

* * *

அன்று இரவுக்குள் போன மெயில், தமிழில் சொன்னால் இப்படி:

‘இன்று மாலை பேசியதன்படி. 1. மஞ்சள் கண்ட பெட்டிகள் 96, கதவுப் பக்க வரிசைகளில். 2. இதில் பாதி இழப்பு எங்களுடையது. கிரெடிட் நோட் வெள்ளிக்கிழமைக்குள். 3. மீதி லோடுக்கு முழு விலை. 4. அடுத்த லோடில் கதவுப் பக்கமும் ஒரு லாகர் வைப்போம்; கதவு திறந்த உடனே உள் வெப்பம் எடுத்துப் போட்டோ அனுப்புவீர்கள். ஒத்துக்கொள்ளாதது: காரணம். இதில் தவறோ விடுபட்டதோ இருந்தால் திருத்துங்கள். சரியென்றால் சரி என்று பதில் போடுங்கள்.’

கடைசியில் இருக்கும் ‘ஒத்துக்கொள்ளாதது’ என்ற வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். அதை விட்டால், பாதி இழப்பை ஏற்றதே குற்றத்தை ஏற்றதாக நாளைக்கு வாசிக்கப்படும். பேசாத ஒன்றை நைசாக உள்ளே நுழைப்பது அதைவிட மோசம். கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கப்புறம் போனையே எடுக்க மாட்டார்கள்.

பழைய மெயில் வரிசையின் கீழே இதைப் போடக் கூடாது. கன்டெய்னர் நம்பரைத் தலைப்பில் போட்டுப் புது மெயிலாக எழுத வேண்டும். இல்லையென்றால் திட்டிய வரிகள் எல்லாம் கூடவே போகும். ஆனால் அதே சிசி-க்கு அனுப்ப வேண்டும். சண்டையைப் பார்த்தவர்களுக்குச் சமாதானமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கப்பல் ஏஜெண்ட் இன்னும் சண்டை நடப்பதாக நினைத்து ரிப்போர்ட் போட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலை ஒரு திருத்தம் வந்தது. ‘பாதி இழப்பு’ என்றால் காயின் விலையில் பாதியா, கப்பல் வாடகையும் சேர்த்தா? போனில் இரண்டு பக்கமும் தலையாட்டியது இரண்டு வேறு கணக்குக்கு. எழுதியதால் அன்றைக்கே தெரிந்தது. காயின் விலை மட்டும் என்று திருத்தி, ‘சரி’ வாங்கினோம்.

* * *

இந்த மெயிலுக்கு எவ்வளவு கனம்? 2010 ஜனவரியில் டிரைமெக்ஸ் – வேதாந்தா அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய பாக்சைட் ஐந்து கப்பல். முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தே விழவில்லை. மெயிலில் வந்த ஆஃபரும் மெயிலில் வந்த சம்மதமுமே ஒப்பந்தம் என்றது நீதிமன்றம். அதனால் முதலாளியின் அனுமதி வாங்க வேண்டிய குறிப்பு இருந்தால் ‘அனுமதிக்கு உட்பட்டு’ என்று அந்த வரியிலேயே எழுதிவிட வேண்டும். அனுப்பிய பிறகு பின்வாங்குவது கடினம்.

போனே பேசக் கூடாத இடமும் உண்டு. வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் வக்கீலைக் கேட்காமல் பேசக் கூடாது. கப்பல் கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் கொடுக்க வேண்டிய நஷ்ட நோட்டீஸ் கெடுவுக்குள் எழுத்தில் போயாக வேண்டும்; வாங்குபவரிடம் சமாதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதால் அந்தக் கெடு நிற்காது.

* * *

கிரெடிட் நோட் வெள்ளிக்கிழமை போனது. அடுத்த லோடில் லாகர் இரண்டு. மஞ்சள் கண்டதற்குக் காரணம் யார் என்பது இன்றைக்கும் முடிவாகவில்லை. அதே ஆளுக்குத்தான் இன்றைக்கும் காய் போகிறது.