ஆறாவது விடை உண்டா?

குவிவில்லையின் முன் ஒளிரும் பொருளை வைத்து, அதன் பிம்பத்தைத் திரையில் பிடிக்கும் சோதனையைப் பௌதிக மாணவர் அனைவரும் அறிவர். வில்லையிலிருந்து பொருளின் தூரம் u, பிம்பத்தின் தூரம் v, குவியத்தூரம் f என்றால், 1/u + 1/v = 1/f.

முதலாண்டு மாணவர்க்கு இச்சோதனையை விளக்கும் பணி சென்ற பருவத்தில் எனக்கு வாய்த்தது. குவியத்தூரம் 6 செ.மீ. எனக் கொண்டு, இரு தூரங்களும் முழு எண்களாக அமையும் இணைகள் ஐந்தே என்றேன். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், நம் ஊர்த் தம்பி ஒருவன், "ஆறாவது ஒன்று எங்கோ இல்லை என்று எப்படி அண்ணா சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். எண்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பவர் எங்கே நிறுத்துவது? 20 வரை பார்த்து நிறுத்தினால் (9, 18), (10, 15), (12, 12) என்னும் மூன்றே அகப்படும். மேலே எவ்வளவு போனாலும் ஐயம் தீராது. ஆகவே பெரிய எண்ணைத் துரத்தாமல் சிறிய எண்ணைப் பிடிக்க வேண்டும்.

இரண்டில் சிறியது u என்போம்; இரண்டும் சமமாகவும் இருக்கலாம். 1/v என்பது நேர் எண். ஆதலால் 1/u மட்டும் 1/6-ஐவிடக் குறைவு. எனவே u, 6-ஐவிடப் பெரிது. மறுபுறம், v சிறியதன்று. ஆகவே 1/v, 1/u-ஐ மிஞ்சாது. இரண்டின் கூட்டுத்தொகை 2/u-ஐ மிஞ்சாது. அக்கூட்டுத்தொகை 1/6 ஆதலால், u 12-ஐத் தாண்டாது.

இனி 7 முதல் 12 வரை ஆறே எண்கள். 7-க்கு 42, 8-க்கு 24, 9-க்கு 18, 10-க்கு 15, 12-க்கு 12 கிடைக்கின்றன. 11 மட்டும் தவறுகிறது: 1/6-இலிருந்து 1/11-ஐக் கழித்தால் 5/66, ஆகவே v 13.2 ஆகிறது. விடைகள் ஐந்துதாம். பொருளையும் திரையையும் இடம் மாற்றினால் ஒன்பதாகும். (12, 12) மாற்றினாலும் அதுவே.

தம்பி விடவில்லை. "மாயப்பிம்பமானால் v எதிரெண் ஆகுமே?" என்றான். அங்கே மேற்கண்ட எல்லை செல்லாது. 1/v நேர் எண் என்றுதானே தொடங்கினோம். ஆனால் வேறோர் எல்லை உண்டு. v எதிரெண்ணானால் 1/u, 1/6-ஐவிடப் பெரிதாக வேண்டும். எனவே u, 6-க்கும் குறைவு. பொருள் குவியத்துக்குள் இருந்தால்தான் மாயப்பிம்பம் என்று நாம் படித்ததும் இதுவே. 1 முதல் 5 வரை பார்த்தால் போதும்: 2-க்கு −3, 3-க்கு −6, 4-க்கு −12, 5-க்கு −30. 1-க்கு −1.2 வருவதால் அது சேராது. பொருள் சரியாக 6-இல் நின்றாலோ 1/v சுழியாகிவிடும். அதற்கு விடையே இல்லை.